நியூட்ரல் இல்லாத போர்டில் ஸ்மார்ட் சுவிட்ச்: அணைத்த விளக்கு மினுங்கினால், தானாக எரிந்து அணைந்தால்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வண்ணாமடை பக்கம் ஸ்மார்ட் சுவிட்ச் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கோயம்புத்தூரிலோ பொள்ளாச்சியிலோ வாங்குகிறார்கள், இல்லையென்றால் ஆன்லைனில் ஆர்டர் போடுகிறார்கள். மாட்டிய அன்றே புகார் வந்துவிடும். அணைத்த விளக்கு லேசாக எரிகிறது என்பார்கள். நாலைந்து நொடிக்கு ஒருமுறை வெட்டுகிறது என்பார்கள். போட்ட விளக்கு தானாக அணைந்து, தானாகவே எரிகிறது என்பதும் உண்டு. உடனே சுவிட்சைக் கழற்றிக்கொண்டு கடைக்குப் போவார்கள். கடைக்காரரும் வேறொன்று கொடுப்பார். அதுவும் அதையே செய்யும்.

பத்தில் ஒன்பது இடங்களில் சுவிட்ச் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குச் சாப்பாடு போகும் வழிதான் சரியில்லை.

சாதாரண சுவிட்சுக்குக் கரண்ட் தேவையில்லை. ஸ்மார்ட் சுவிட்சுக்குள் ஒரு சின்ன ரேடியோ எந்நேரமும் விழித்திருக்கிறது, அது ஓட மின்சாரம் வேண்டும். போர்டில் கரண்ட் வரும் ஃபேஸும் அது திரும்பிப் போகும் நியூட்ரலும் இரண்டும் இருந்தால் அந்த இரண்டுக்கும் நடுவே எடுத்துக்கொள்ளும், விளக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. நியூட்ரல் இல்லாத போர்டிலோ இரண்டே வயர்கள்தான். ஒன்று வருகிற ஃபேஸ், இன்னொன்று விளக்குக்குப் போகும் வயர். ஆகவே சுவிட்ச் தனக்கு வேண்டிய கரண்டை விளக்கின் வழியாகத்தான் இழுக்க வேண்டும். விளக்கு அணைந்திருக்கும்போதும் ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் அதன் வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். வைஃபை வகைக்குக் கொஞ்சம் அதிகம் வேண்டும், குறைந்த சக்தியில் ஓடும் ஜிக்பீ ரேடியோ வகைக்குக் குறைவாகப் போதும். அதனால்தான் ஒரே விளக்கில் ஜிக்பீ சுவிட்ச் அடங்கி நிற்க, வைஃபை சுவிட்ச் ஆட்டம் காட்டுவதைப் பார்க்கிறோம்.

பழைய குண்டு பல்புக்கு இந்தக் கசிவெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. எல்.இ.டி.க்கு அப்படியில்லை. ஒரு மில்லி ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலே இருட்டில் கண்ணுக்குத் தெரிகிற அளவு மினுங்கிவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது: உங்கள் போர்டில் உண்மையிலேயே நியூட்ரல் இல்லையா?

இதைப் பலர் பார்ப்பதே இல்லை. நம் பக்கத்து வீடுகளில் ஒரு போர்டில் பிளக் பாயிண்ட் இருந்தால் அங்கே நியூட்ரல் கட்டாயம் இருக்கும், இல்லாவிட்டால் பிளக் பாயிண்ட் வேலை செய்யாது. ஹாலிலும் படுக்கையறையிலும் உள்ள பெரிய போர்டுகளுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. அங்கே நியூட்ரல் தேவைப்படும் வகை ஸ்மார்ட் சுவிட்சை வாங்கி மாட்டினால் இந்தக் கட்டுரையே உங்களுக்கு வேண்டாம். சிக்கல் வருவது வெறும் சுவிட்ச் மட்டும் உள்ள சின்னப் போர்டுகளில்தான். மாடிப்படி, போர்ட்டிகோ, குளியலறைக்கு வெளியே, கட்டில் தலைமாட்டில் இருக்கும் இருவழி சுவிட்ச், இப்படி.

போர்டைத் திறப்பதற்கு முன் மெயினை அணையுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அதன் சுவிட்சிலேயே அணைக்க வேண்டும். மெயின் போனதும் இன்வெர்ட்டர் தானாக எழுந்து லைட் லைனுக்கு அதே 230 வோல்ட்டைக் கொடுத்துவிடும். "கரண்ட் இல்லை" என்று நினைத்துக் கை வைக்கிறவர்கள் இங்கேதான் அடி வாங்குகிறார்கள். மல்ட்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, பூச்சியம் வருகிறதா என்று பார்த்த பிறகே தொடுங்கள். வயரிங்கை மாற்றும் வேலை எதுவானாலும் பெர்மிட் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். பல்பை மாற்றிப் பார்க்கும் சோதனையை மட்டும் யாரும் செய்யலாம். பல்பைக் கழற்றும்போது மட்டும் மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துக்கொள்ளுங்கள்.

போர்டுக்குள் ஒரு கருப்பு வயர் சும்மா சுருட்டி வைத்திருந்தால் அது நியூட்ரலாக இருக்கலாம். இருக்கலாம், அவ்வளவுதான். பழைய வீடுகளில் அன்று கையில் என்ன நிறம் மிச்சமிருந்ததோ அதையே இழுத்திருப்பார்கள். நிறத்தை நம்ப வேண்டாம்.

எல்லா அறிகுறிக்கும் பொதுவான சோதனை

ஒரு 40 வாட் குண்டு பல்பு தேடிப் பிடியுங்கள். ஹார்டுவேர் கடையில் இல்லையென்றாலும் கோழிக்குஞ்சுக்கு வெப்பம் கொடுக்கும் பல்பு விற்கும் இடத்தில் கிடைக்கும். பிரச்சினை தரும் எல்.இ.டி. பல்பைக் கழற்றிவிட்டு அந்த ஹோல்டரில் இதைப் போடுங்கள். அப்புறம் சுவிட்சை ஒரு மணி நேரம் வழக்கம்போல் போட்டும் அணைத்தும் விடுங்கள்.

மினுக்கமும் வெட்டும் தானாக மாறுவதும் மொத்தமாக நின்றுவிட்டால், சுவிட்சில் கோளாறு இல்லை. விளக்கு அதற்குப் போதாத சின்ன விளக்கு, விஷயம் அவ்வளவுதான். குளிர்ந்த 40 வாட் இழையின் தடை நூறு ஓம் அளவில்தான் இருக்கும். இரண்டு மில்லி ஆம்பியர் ஓடினாலும் அதன் மேல் ஒரு வோல்ட்டுகூட நிற்காது, அதனால் எரியாது. சுவிட்சுக்கும் முழு வோல்ட்டேஜ் கிடைத்துவிடுகிறது. குண்டு பல்பு போட்டும் கோளாறு நிற்கவில்லையென்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

இந்தச் சோதனைக்குப் பதிலாக டெஸ்டரைக் குத்திப் பார்த்துக் குழம்புகிறவர்கள் நிறைய. நியான் டெஸ்டர் கசிவுக்கும் எரியும், பக்கத்து வயரின் தூண்டலுக்கும் எரியும். மல்ட்டிமீட்டரும் அப்படித்தான். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் வைத்தால், சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் 90, 150, சில சமயம் 200க்கு மேல்கூடக் காட்டும். அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 40 வாட் பல்பை மாட்டிய உடனே அது ஒரு வோல்ட்டுக்குக் கீழே விழுந்துவிட்டால் அது வெறும் கசிவு.

அறிகுறி: அணைத்த பிறகு லேசாகத் தொடர்ந்து மினுங்குகிறது, அல்லது சில நொடிக்கு ஒருமுறை வெட்டுகிறது

இரண்டுக்கும் காரணம் ஒன்று. வித்தியாசம் பல்புக்குள் எல்.இ.டி.க்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட்டில்தான். மலிவான பல்புகளில் உள்ள எளிய டிரைவர் வருகிற கசிவை அப்படியே எல்.இ.டி.க்குத் தள்ளிவிடும், அதனால் ஒரே சீரான மங்கல் ஒளி. கொஞ்சம் நல்ல டிரைவரில் ஒரு கண்டென்சர் இருக்கும். கசிவு அதைச் சொட்டுச் சொட்டாகக் குடம் நிரப்புவதுபோல் நிரப்பும். நிறைந்ததும் டிரைவர் விழித்து ஒரு முறை எரிக்கும், கண்டென்சர் காலியாகும், மறுபடி நிறையும். அதனால்தான் வெட்டு. எனவே பல்பை வேறு கம்பெனிக்கு மாற்றினால் மினுக்கம் வெட்டாக மாறலாம், வெட்டு மினுக்கமாக மாறலாம். அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டும் போய்விடலாம். ஆனால் அதை நம்பிப் பல்பு பல்பாக வாங்கிக் குவிப்பது வீண் செலவு.

சரியான மருந்து பைபாஸ் என்ற சின்னப் பொட்டலம். நியூட்ரல் தேவைப்படாத சுவிட்சுகளில் பலவற்றின் பெட்டியிலேயே இது இருக்கும். "இது என்னமோ எக்ஸ்ட்ரா" என்று நினைத்து மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருப்பார்கள், எடுத்துப் பாருங்கள். உள்ளே இருப்பது ஒரு கண்டென்சர், அதோடு ஒரு சின்ன ரெசிஸ்டர். கசிவு கரண்ட் விளக்கை விட்டுவிட்டு இதன் வழியாகச் சுவிட்சுக்குப் போய்ச் சேரும்.

எங்கே மாட்டுவது என்பதில்தான் தவறு நடக்கிறது. இதை விளக்கின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே, அதாவது சுவிட்சிலிருந்து வரும் வயருக்கும் நியூட்ரலுக்கும் நடுவே, விளக்குப் பக்கம் மாட்ட வேண்டும். சீலிங் ரோஸிலோ ஹோல்டருக்குப் பின்னாலோ இடம் இருக்கும். சுவிட்ச் போர்டுக்குள் இடம் வசதியாக இருக்கிறதே என்று சுவிட்சின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே மாட்டினால் கசிவு கூடும், மினுக்கம் அதிகமாகும். "பைபாஸ் போட்டும் சரியாகவில்லை, இன்னும் மோசமாயிடுச்சு" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது அதை எங்கே போட்டீர்கள் என்றுதான்.

ஒரே சுவிட்சில் நாலு விளக்கு இணையாக எரிந்தாலும் ஒரு பைபாஸ் போதும். இரண்டு, மூன்று பொத்தான் உள்ள சுவிட்சில், பல மாடல்கள் தனக்கு வேண்டிய கரண்டை முதல் லைனிலிருந்துதான் எடுக்கும். அதில் எல்1 என்று போட்டிருக்கும். பைபாஸை அந்த லைனின் விளக்கில் போட வேண்டும், இருப்பதில் பெரிய விளக்கையும் அந்த லைனிலேயே கொடுப்பது நல்லது. கூடவே வந்த தாளில் இருக்கும் படத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள், மாடலுக்கு மாடல் மாறும்.

பைபாஸ் கிடைக்கவில்லை என்று ஃபேன் கண்டென்சரைப் போடுகிற பழக்கமும் இருக்கிறது. வேண்டாம். ஃபேன் கண்டென்சர் 2.5 மைக்ரோஃபாரட். 230 வோல்ட்டில் அதன் வழியே 180 மில்லி ஆம்பியர் ஓடும், இங்கே அதில் ஒரு சின்னப் பங்குதான் தேவை. ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் அது உறிஞ்சும் பெரிய கரண்ட், சுவிட்சுக்குள் விளக்கைப் போட்டு அணைக்கும் ரிலேயைத் தீய்க்கும். உள்ளே தங்கும் சார்ஜை வடிக்க ரெசிஸ்டர் இல்லாததால் கழற்றிய பிறகும் கையில் அடிக்கும். இந்த வேலைக்கென்று உள்ளது எக்ஸ்2 என்று முத்திரை போட்ட, 275 வோல்ட் ஏசி தாங்கும் வகை. கடையில் பைபாஸ் என்றே கேட்டு வாங்குவதுதான் பாதுகாப்பு.

அறிகுறி: போட்ட விளக்கு தானாக அணைந்து எரிகிறது, போர்டுக்குள் 'டிக் டிக்' சத்தம், ஆப்பில் ஆஃப்லைன்

இங்கே பேய் பிசாசு ஒன்றுமில்லை. விளக்கு எரியும்போது சுவிட்சுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை.

விளக்கு எரியும்போது சுவிட்சின் இரண்டு முனைகளுக்கு நடுவே வோல்ட்டேஜ் ஏறக்குறைய இருக்காது. அதனால் அது ஒவ்வொரு அலையிலும் ஒரு துளி நேரம் வழியை மறித்து, விளக்குக்குப் போகும் கரண்டிலிருந்தே தனக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. விளக்கு 9 வாட் என்றால் எடுக்க ஏதோ இருக்கிறது. அரை வாட் எல்.இ.டி. நைட் லாம்ப் என்றால் எடுக்க என்ன இருக்கிறது? சுவிட்சின் மூளை பட்டினியில் மயங்கும், ரிலே விழும், விளக்கு அணையும். அணைந்ததும் சுவிட்சுக்கு மறுபடி முழு வோல்ட்டேஜ் கிடைக்கும். விழித்துக்கொண்டு, கடைசியாக எரிந்துகொண்டிருந்தது என்று நினைவு வந்து விளக்கைப் போடும். மறுபடி பட்டினி. இந்தச் சுற்றுதான் அந்த 'டிக் டிக்'. வைஃபையில் சேர்வதற்குள் மறுபடி மயங்கிவிடுவதால் ஆப்பில் ஆஃப்லைன் என்றே காட்டும். பலர் இதைப் பார்த்து ரவுட்டரைக் குறை சொல்கிறார்கள்.

நைட் லாம்ப் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. அந்தக் காலத்து 'ஜீரோ வாட்' கண்ணாடி பல்பு பெயருக்குத்தான் ஜீரோ, உண்மையில் 12 முதல் 15 வாட் வரை இழுக்கும். இன்று அதே பெயரில், அதே வடிவத்தில் விற்கும் எல்.இ.டி. ஒரு வாட்டுக்கும் கீழே. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், சுவிட்சின் கண்ணுக்கு இரண்டும் வேறு வேறு உலகம்.

சுவிட்சின் தாளில் குறைந்தபட்ச வாட் என்ன என்று போட்டிருப்பார்கள். சிலதில் 3, சிலதில் 5, சிலதில் 10க்கு மேலும் இருக்கும். அதற்குக் கீழே உள்ள விளக்கில் பைபாஸ் போட்டால் பல நேரம் சரியாகிவிடும், ஏனென்றால் எரியும்போதும் பைபாஸ் வழியாக ஒரு சீரான கரண்ட் சுவிட்சைக் கடந்து போகிறது. போதவில்லையென்றால் பல்பைப் பெரிதாக்குங்கள், அல்லது அந்த லைனில் இன்னொரு பல்பு சேருங்கள்.

தானாக எரிவதிலேயே இன்னொரு வகை உண்டு, அதை இதோடு குழப்ப வேண்டாம். துலாம் மாதத்து இடி மழையில் கரண்ட் போய் வந்ததும் வீட்டில் பல விளக்கும் ஒன்றாக எரிந்தால், அது பட்டினி இல்லை. ஆப்பில் 'கரண்ட் வந்ததும் என்ன நிலையில் இருக்க வேண்டும்' என்ற அமைப்பு 'எரிய' என்று வைக்கப்பட்டிருக்கும். அதை 'அணைந்தே' என்று மாற்றினால் போதும். ஒரே ஒரு விளக்கு தினமும் ஒரே நேரத்தில் எரிந்தால், வீட்டில் யாரோ டைமர் வைத்துவிட்டு மறந்திருக்கிறார்கள்.

அறிகுறி: எல்லாம் செய்தும் ஒரு விளக்கு மட்டும் மினுங்குகிறது

கொழிஞ்சாம்பாறைக்குத் தள்ளி, தோப்பு நடுவே ஒரு வீடு. ரிட்டையர் ஆன டீச்சர் ஒருவர் அங்கே இருக்கிறார். மாடிப்படி அடியில் ஒரு சின்னப் போர்டு, பிளக் பாயிண்ட் இல்லை, நியூட்ரலும் இல்லை. இரண்டு பொத்தான் ஸ்மார்ட் சுவிட்ச் மாட்டியிருந்தார்கள். முதல் பொத்தான் மாடிப்படி நைட் லாம்ப், அரை வாட். இரண்டாவது கேட் விளக்கு, 9 வாட்.

"தம்பி, கேட்டு லைட் ராத்திரி முழுக்க மினுக் மினுக்குன்னு இருக்குது. படிக்கட்டு லைட் போட்டா டிக்கு டிக்குன்னு அதுவா அணையுது. கடையில ரெண்டு தடவ மாத்திக் குடுத்தாச்சு."

"மாத்தினதெல்லாம் நல்ல சுவிட்சுங்க டீச்சர். நீங்க ஒரு குண்டு பல்பு மட்டும் குடுங்க."

மாடிப்படி ஹோல்டரில் 40 வாட் போட்டதும் டிக் டிக் நின்றது. ஆப்பிலும் சுவிட்ச் ஆன்லைனுக்கு வந்து அப்படியே நின்றது. கேட் விளக்கு மட்டும் மினுங்கிக்கொண்டே இருந்தது. இங்கேதான் நிதானம் வேண்டும். ஒரே சுவிட்சில் இரண்டு அறிகுறி இருந்தால் காரணமும் ஒன்றே என்று மனசு முடிவு கட்டிவிடும்.

ஸ்மார்ட் சுவிட்சைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சாதாரண சுவிட்சைத் தற்காலிகமாக மாட்டினேன். சாதாரண சுவிட்ச் அணைந்திருக்கும்போது எதுவும் கசியாது. அப்போதும் கேட் விளக்கு மினுங்கியது. அப்படியானால் ஸ்மார்ட் சுவிட்சுக்கும் அந்த மினுக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை.

அப்படி வந்தால் மூன்று காரணங்கள்தான் மிச்சம். போட்டிருக்கும் சாதாரண சுவிட்சில் சிவப்பு இண்டிகேட்டர் இருக்கலாம், அதுவும் கசிய விடும். டீச்சர் வீட்டில் நான் போட்டது இண்டிகேட்டர் இல்லாதது. இரண்டாவது, பழைய வீடுகளில் ஃபேஸை நேரே விளக்குக்குக் கொடுத்து, சுவிட்சை நியூட்ரலில் வைத்திருப்பார்கள். அப்போது விளக்கு அணைந்திருந்தாலும் அதன் ஒரு கால் எந்நேரமும் ஃபேஸில் இருக்கும், மினுங்குவதோடு பல்பு மாற்றும்போது ஆளையும் அடிக்கும். இதைக் கண்டால் வயர்மேனை வைத்து ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுக்காமல் விடவே கூடாது. போர்டில் வந்த வயரை மீட்டரில் பார்த்தேன், ஃபேஸ்தான் வந்திருந்தது. ஆக அதுவும் இல்லை.

மூன்றாவது காரணம்தான் இங்கே. கேட் வீட்டிலிருந்து சுமார் 30 மீட்டர். மண்ணுக்கடியில் ஒரே கேபிளில் மூன்று கோர் போயிருந்தது. ஒன்று நியூட்ரல், ஒன்று கேட் விளக்கு வயர், ஒன்று கேட் கேமராவுக்கு எந்நேரமும் ஃபேஸ். அணைந்திருக்கும் விளக்கு வயர் அத்தனை தூரமும் உயிருள்ள ஃபேஸோடு ஒட்டி ஓடுகிறது. இரண்டு வயரும் நடுவே உறையுமாக அது ஒரு நீளமான கண்டென்சர். மீட்டருக்கு நூறு பைக்கோஃபாரட் அளவில் வைத்தால் 30 மீட்டருக்கு 3 நானோஃபாரட், 230 வோல்ட்டில் அதன் வழியாக மில்லி ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்கு ஓடும். எல்.இ.டி. மினுங்க அது தாராளம்.

உறுதி செய்ய, வீட்டுப் பக்கத்தில் கேமராவின் ஃபேஸைக் கழற்றினோம். மினுக்கம் உடனே நின்றது. மாட்டினோம், வந்தது.

கேபிளை மாற்றவில்லை. கேட் விளக்கிலேயே ஒரு பைபாஸ் போட்டோம். அதில் இருந்த கண்டென்சர் 0.1 மைக்ரோஃபாரட். கேபிளின் 3 நானோஃபாரட்டும் இதுவும் வோல்ட்டேஜைப் பங்கு போட்டுக்கொள்ளும்போது விளக்கின் மேல் சுமார் 7 வோல்ட்தான் நிற்கும். உள்ளே வரிசையாகக் கோத்திருக்கும் எல்.இ.டி.க்களுக்கு அது கால் தூசு. வெளியே மழை படும் இடம் என்பதால் பைபாஸை மூடியுள்ள சின்ன வாட்டர்ப்ரூஃப் பெட்டியில் வைத்தோம். ஈரம் பட்ட பைபாஸ், எர்த்துக்குக் கசிவு கண்டதும் லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யைத் தட்டிவிடும். மாடிப்படிக்கு, சுவிட்சோடு வந்து மேசையில் கிடந்த பைபாஸையே போட்டோம். குண்டு பல்பை எடுத்துவிட்டு நைட் லாம்பைத் திரும்பப் போட்டபோது வெட்டு நின்றது, ஆனால் எப்போதாவது ஒரு டிக் வந்தது. சுவிட்சின் தாளில் குறைந்தபட்சம் 3 வாட் என்று இருந்தது. அங்கே 5 வாட் பல்பு போட்டதும் அதுவும் அடங்கியது.

பைபாஸ் வேண்டாம், நியூட்ரலே கொண்டு வரலாம் என்றால்

இதுதான் நிரந்தரத் தீர்வு. வைஃபை சுவிட்ச் போடுவதென்றால் நான் இதைத்தான் சொல்வேன். பைப்பில் இடம் இருந்தால் பக்கத்துப் பெரிய போர்டிலிருந்தோ சீலிங் பாக்ஸிலிருந்தோ ஒரு 1 சதுர மி.மீ. கருப்பு வயரை ஸ்பிரிங் விட்டு இழுத்துவிடலாம்.

எந்த நியூட்ரல் என்பது முக்கியம். அந்த விளக்கு லைனுக்கு உரிய நியூட்ரலையே எடுக்க வேண்டும். வேறொரு ஆர்.சி.சி.பி.யின் கீழ் இருக்கும் நியூட்ரலை எடுத்தால், போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் ஒரே ஆர்.சி.சி.பி.யில் சமமாகாது, அது தட்டிவிடலாம். இன்வெர்ட்டர் லைனில் இருக்கும் விளக்குக்கு இன்வெர்ட்டர் இல்லாத லைனின் நியூட்ரலைக் கொடுத்தாலும் இதே குழப்பம் வரும்.

போர்டில் பச்சை வயர் இருக்கிறதே, அதையே நியூட்ரலாக வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அவரை ஏணியிலிருந்து இறங்கச் சொல்லுங்கள். எர்த்தைத் தொட்டதும் சுவிட்ச் வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் அதன் கரண்ட் எந்நேரமும் எர்த்தில் ஓடும். எங்காவது எர்த் அறுந்துவிட்டால் அதே வயரில் சேர்ந்திருக்கும் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் உடம்பெல்லாம் கரண்ட் ஏறும். கையில் இருக்கும் வயர் நியூட்ரலா எர்த்தா என்று தெரியவில்லையென்றால் மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, வீட்டின் மெயின் பெட்டியான டி.பி.யில் நியூட்ரல் பட்டையிலிருந்து கழற்றிய முனைக்கும் இந்த முனைக்கும் கண்டினியூட்டி பாருங்கள். அதுவே உறுதியான வழி.

பைப் அடைத்திருக்கிறது, வயர் இழுக்க முடியவில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது, ஏனோ அதிகம் பேர் இதை யோசிப்பதில்லை. போர்டில் இல்லாத நியூட்ரல் விளக்குப் பக்கத்தில் கட்டாயம் இருக்கிறது. ஆகவே சுவிட்ச் போர்டில் அந்த இரண்டு வயரையும் நேராகச் சேர்த்துக் கட்டிவிட்டால், சீலிங்குக்கு எந்நேரமும் ஃபேஸ் போகும். சீலிங் பாக்ஸில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் கொடுத்து, நியூட்ரல் தேவைப்படும் வகைச் சின்ன ரிலே மாட்யூலை அங்கே வைக்கலாம். சுவரில் பேட்டரியில் ஓடும் வயர்லெஸ் பொத்தான் ஒட்டிக்கொள்ளலாம். கசிவு இல்லை, குறைந்தபட்ச வாட் கணக்கும் இல்லை. மாட்யூல் பழுதானால் ஏணி போட வேண்டும், பொத்தானுக்கு எப்போதாவது பேட்டரி மாற்ற வேண்டும், அவ்வளவுதான் இதில் உள்ள சிரமம். போர்டுக்குள் "இங்கே ஃபேஸ் நேரே போகிறது, விளக்கு அணைந்திருந்தாலும் சீலிங் பாக்ஸில் கரண்ட் இருக்கும்" என்று ஒரு துண்டு எழுதி ஒட்டிவிடுங்கள், அடுத்து பல்பு மாற்ற வருகிறவர் நீங்களாக இல்லாமல் இருக்கலாம்.

இன்வெர்ட்டரில் மட்டும் கோளாறு

கரண்ட் இருக்கும்போது எல்லாம் சரியாக இருந்து, இன்வெர்ட்டருக்கு மாறியதும் விளக்கு துடித்தாலோ பைபாஸ் ரீங்கரித்துச் சூடானாலோ, அது சைன் வேவ் இல்லாத பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். அதன் அலை செங்குத்தாக ஏறி இறங்கும், அலை பூச்சியத்தைத் தொடும் நேரத்தைப் பார்த்து வேலை செய்யும் சுவிட்ச் அதில் தடுமாறும். பைபாஸ் கண்டென்சரிலும் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு கரண்ட் துள்ளல் வரும். அந்த லைனில் நியூட்ரல் இல்லாத ஸ்மார்ட் சுவிட்சை வைக்காமல் சாதாரண சுவிட்சுக்கே திரும்பிவிடுவது நல்லது. இன்வெர்ட்டரைச் சைன் வேவாக மாற்றும் காலத்தில் மறுபடி மாட்டிக்கொள்ளலாம்.